சிலிண்டரில் இன்னும் எத்தனை நாளுக்கு கேஸ் இருக்கிறது? லோடு செல் வைத்து எடை மேடை கட்டும் முழு வழி

சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று பார்க்க நம் வீடுகளில் காலங்காலமாக இரண்டே வழிதான். ஒன்று, தூக்கி ஆட்டிப் பார்ப்பது. இன்னொன்று, ஈரத்துணியால் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்துவிட்டு எந்த இடம் வரை சீக்கிரம் காய்கிறது, எங்கே ஈரம் தங்குகிறது என்று பார்ப்பது. ஈரத்துணி வைத்தியம் பொய் இல்லை, உள்ளே திரவம் இருக்கும் உயரம் வரை உலோகம் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் அங்கே ஈரம் கொஞ்ச நேரம் நிற்கும். ஆனால் அது "பாதி இருக்கு", "கால்வாசி இருக்கு" என்பதோடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது "இன்னும் ஒன்பது நாள்" என்ற பதில்.

சிலர் பிரஷர் கேஜ் வாங்கி மாட்டுகிறார்கள், அது இந்த வேலைக்கு உதவாது. சிலிண்டருக்குள் கேஸ் பெரும்பாலும் திரவமாக இருக்கிறது, மேலே ஆவி. அடுப்பு எரியும்போது ஆவி குறையக் குறைய திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளே துளி திரவம் இருக்கும் வரை அழுத்தம் அன்றைய வெப்பநிலையைப் பொறுத்துத்தான் இருக்குமே தவிர, மிச்சம் எவ்வளவு என்பதைப் பெரிதாகக் காட்டாது. நிறை சிலிண்டரும் கால் சிலிண்டரும் கேஜில் ஏறக்குறைய ஒன்றுதான். எடை மட்டும்தான் நேராகக் குறையும்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் நிரப்புகிறார்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஒரு சிலிண்டர் சுமார் 45 நாள் வரும், ஆக ஒரு நாளைக்கு 315 கிராம் அளவுக்குச் செலவு. இந்த எண்ணை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேடை எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை இதுதான் சொல்கிறது. 150 கிராம் பிழை என்றால் அரை நாள் பிழை, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ பிழை என்றால் மூன்று நாள், அப்புறம் எதற்கு இந்தப் பாடு? இணையத்தில் இந்த மேடையைக் கட்டியவர்கள் பலரும் ஒரு கிராம் வரை எடை காட்டும் படத்தைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். எடை போடுவது ஒரு மாலை வேலை. முப்பது கிலோ பாரத்தை இறக்காமல் ஒன்றரை மாதம் வைத்திருந்து, கடைசி நாளிலும் அந்த எண்ணை நம்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் எது எங்கே இருக்க வேண்டும்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து சிலிண்டர் வைத்திருக்கும் அலமாரியின் அடியில்தான் தேங்கும், நம் மேடை இருக்கும் அதே இடத்தில். அதனால் கீழே இருக்கப் போவது பாரத்தை மின் சைகையாக மாற்றும் லோடு செல்களும் அவற்றின் ஒயர்களும் மட்டும்தான். அந்தச் சைகையை எண்ணாக மாற்றும் HX711 பலகை, எண்ணைப் படித்து நிரலை ஓட்டும் வைஃபை பலகையான ESP8266, சார்ஜர் எல்லாம் சமையல் மேடைக்கு மேலே, அலமாரிக்கு வெளியே. பேட்டரி, ரிலே, சுவிட்ச், பிளக் பாயின்ட் எதுவும் அலமாரிக்குள் கூடாது. லோடு செல் ஒயரில் போவது சில வோல்ட், ஒரு சில மில்லிஆம்பியர்தான் என்றாலும் இது எரிவாயு சூழும் இடத்துக்கென்று சான்று பெற்ற கருவி இல்லை, வீட்டில் நாமே கட்டியது. அந்த நினைப்போடு கட்டுங்கள். ரெகுலேட்டர், வால்வு, டியூப் இவற்றில் எதையும் வெட்டவோ ஒட்டவோ சொருகவோ வேண்டாம், நமக்கு அங்கே வேலையே இல்லை. சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அலமாரியின் காற்றுத் துளைகளைப் பலகையால் அடைத்துவிடக் கூடாது.

கேஸ் வாசம் வந்தால் இந்தக் கருவியின் சார்ஜரைக்கூடப் பிடுங்காதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். எடை மேடை கசிவைக் கண்டுபிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம், மெல்லிய கசிவில் போகும் சில கிராம்கள் இதன் கண்ணில் படவே படாது.

என்னென்ன வேண்டும்

மூன்று ஒயர் கொண்ட 50 கிலோ லோடு செல் நான்கு. குளியலறை எடை மிஷினுக்குள் நான்கு மூலையிலும் இருப்பது இதுதான், பழைய மிஷின் கிடைத்தால் அதிலிருந்தே கழற்றலாம். HX711 பலகை ஒன்று, ESP8266 பலகை ஒன்று, மொபைல் சார்ஜர் ஒன்று. வெளியுறை வலை போட்ட நான்கு கம்பி கேபிள் இரண்டு மீட்டர். மேல் தட்டுக்கு 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட், 35 செ.மீ. சதுரம். அடித் தட்டுக்கு நான் போட்டது கடப்பா கல் துண்டு, கிச்சன் வேலை நடக்கும் வீட்டில் கேட்டால் வெட்டிப் போட்டது சும்மா கிடைக்கும். தண்ணீரில் ஊறாது, வளையாது, தரை ஓடுகளின் இடுக்கில் செல் சாய்ந்து உட்காரும் தொல்லையும் இல்லை.

அலுமினியக் கட்டை மாதிரி நான்கு ஒயரோடு வரும் ஒற்றை லோடு செல் ஒன்று போதுமே என்று கேட்பீர்கள். எண்ணின் நிலைப்பில் அது கொஞ்சம் நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரே கட்டையின் மேல் முப்பது கிலோ உயரமான பொருள் நிற்கும், இடித்தால் ஆடும். கேஸ் சிலிண்டர் ஆடுவதை நான் விரும்பவில்லை. நான்கு மூலைச் செல் என்றால் மேடை நாற்காலி மாதிரி நிற்கும். வரும் பிழையைப் பிறகு கணக்கில் சரிசெய்துகொள்ளலாம், விழுந்த சிலிண்டரைச் சரிசெய்ய முடியாது.

செல்களைப் பொருத்துவது

இந்தச் செல்லை உற்றுப் பாருங்கள். வெளியே ஒரு சட்டம், நடுவில் ஒரு நாக்கு, நாக்கின் நடுவில் சின்னக் குமிழ். சட்டம் ஒரு பக்கம் தாங்க, நாக்கு மறுபக்கம் அழுந்தி, இரண்டுக்கும் நடுவில் உலோகம் மயிரிழை வளைய வேண்டும். அந்த வளைவைத்தான் அது அளக்கிறது. நிறையப் பேர் செய்யும் தவறு, செல்லை அப்படியே பலகையில் ஃபெவிகால் தடவி ஒட்டிவிடுவது. நாக்குக்கு அசைய இடமே இருக்காது, முப்பது கிலோ வைத்தாலும் எண் கொஞ்சம்தான் நகரும், நகர்ந்ததும் திரும்பி வராது. பிளைவுட்டின் அடியில் சட்டத்தின் விளிம்பு மட்டும் உட்காரும்படி, நாக்கு இருக்கும் இடத்தில் மூன்று நான்கு மி.மீ. குழி எடுத்துப் பொருத்துங்கள், குமிழ் கீழ்நோக்கி கடப்பா கல்லில் நிற்கட்டும். இந்தச் செல்லுக்கென்று பிளாஸ்டிக் தாங்கிகளும் கிடைக்கின்றன, அவை இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

செல்களை மூலையின் ஓரத்துக்கே தள்ளி வையுங்கள். சிலிண்டரின் அடி வளையம் நான்கு செல்களுக்கும் உள்ளே அடங்கி நிற்க வேண்டும். பலகையின் மேல் அந்த வளையம் உட்காரும் வட்டத்தை பெயின்ட்டில் வரைந்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் சிலிண்டர் அதே இடத்தில் நின்றால் பாதி குழப்பம் வராது. பலகையைச் சுற்றி அலமாரிச் சுவரில் எங்கும் உரசாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

ஒயர்

மூன்று ஒயரில் எது எது என்று நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். மூன்றில் எந்த இரண்டுக்கு நடுவே மின்தடை இரட்டிப்பாகக் காட்டுகிறதோ (பெரும்பாலும் சுமார் 2000 ஓம்) அவை இரண்டும் ஓரத்து ஒயர்கள், மிஞ்சியது நடு ஒயர். பெரும்பாலும் நடு ஒயர் சிவப்பு, ஓரங்கள் வெள்ளையும் கறுப்பும். இனி அந்த நிறங்களிலேயே சொல்கிறேன்.

மேடையைச் சுற்றி வரிசையாகச் செல்களுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். 1இன் வெள்ளையை 2இன் வெள்ளையோடு, 2இன் கறுப்பை 3இன் கறுப்போடு, 3இன் வெள்ளையை 4இன் வெள்ளையோடு, 4இன் கறுப்பை 1இன் கறுப்போடு. ஒரு வளையம் ஆகிவிட்டது. மிஞ்சியிருப்பது நான்கு சிவப்பு. 1 E+, 2 A+, 3 E-, 4 A-. அதாவது எதிரெதிர் மூலையில் இருப்பவை ஜோடி. இந்த நான்கு மட்டும் கேபிளில் ஏறி மேலே HX711க்குப் போகும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே நடக்காது, பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள். செல் தரும் சைகை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே, தளர்ந்த முறுக்கு ஒன்று தரும் தடை மாற்றமே அதில் கிலோ கணக்கில் எடையாகத் தெரியும். கேபிளின் வலையை மேல்முனையில் மட்டும் GNDயோடு சேருங்கள்.

HX711இன் VCCயை ESP8266இன் 3.3 வோல்ட்டில் கொடுங்கள், 5 வோல்ட் வேண்டாம், ஏனென்றால் அது திருப்பி அனுப்பும் DT சைகையும் அதே வோல்ட்டில் வரும், ESP8266 அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. DT ஒயர் D2, SCK ஒயர் D1. இன்னொன்று, மலிவான பச்சைப் பலகைகளில் சிலவற்றில் E- முனை GNDயோடு சேராமலே வருகிறது. பற்றவைக்கும் முன் மல்டிமீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள், வராவிட்டால் இரண்டுக்கும் ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது.

மூலைச் சோதனை இப்போதே செய்துவிடுங்கள், அதற்கு எண்ணைப் பார்க்கும் வழி அடுத்த பகுதியில் இருக்கிறது. பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்றை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து, எண் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நான்கும் ஏறக்குறைய சமமாக ஏற வேண்டும். ஒரு மூலையில் மட்டும் எண் இறங்கினால் அந்தச் செல்லின் வெள்ளையும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் சோம்பலாக ஏறினால் அங்கே நாக்கு எங்கோ முட்டுகிறது. பாரமே வைக்காமல் எண் 8388607இல் போய் ஒட்டிக்கொண்டால் A+ அல்லது A- எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எல்லா மூலையிலும் இறங்கினால் பிழையில்லை, A+ ஐயும் A- ஐயும் இடம் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அளவு பிடிப்பது

மேடை காலியாக இருக்கும்போது ஒரு எண், தெரிந்த எடை வைத்து ஒரு எண். இந்த இரண்டுதான் வேண்டும். தெரிந்த எடை சிலிண்டரின் எடைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்து அளவு பிடித்தால் முப்பது கிலோவில் அதன் பிழை முப்பது மடங்கு ஆகும். நான் ஒரு அரிசி மூட்டையை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் போட்டு எடை எழுதி வாங்கி வந்தேன், 25.84 கிலோ. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, அவரிடம் உள்ள தராசும் ஒரு ஒப்பீட்டுக்கு உதவும்.

HX711 நூலகத்தை (bogde எழுதியது) ஏற்றிவிட்டு, பலகைக்கு மின்சாரம் கொடுத்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள், சூடு நிலைக்கட்டும். அப்புறம் கீழே வரும் நிரலின் loop() உள்ளே இந்த ஒரு வரியை மட்டும் போட்டு வெறும் எண்ணைப் பாருங்கள்:

```cpp
Serial.println(scale.read_average(20));
```

என் மேடையில் காலியாக இருந்தபோது 41320. மூட்டை வைத்து ஒரு நிமிடம் கழித்து 321660. வித்தியாசம் 280340, அதை 25.84 ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 10849. உங்களுக்கு வேறு எண் வரும், செல்லுக்குச் செல் மாறும். மூட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்து மூன்று தடவை பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிராமுக்குள் அதே எடை வந்தால் பொருத்தியது சரி. வராவிட்டால் நிரலில் எதையும் தேடாதீர்கள், பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

இப்போது நிரல்:

```cpp
#include <algorithm>
#include "HX711.h"

HX711 scale;
const long ZERO = 41320;
const float FACTOR = 10849.0;

void setup() {
  Serial.begin(115200);
  scale.begin(D2, D1);
  scale.set_offset(ZERO);
  scale.set_scale(FACTOR);
}

void loop() {
  float w[15];
  for (int i = 0; i < 15; i++) w[i] = scale.get_units(1);
  std::sort(w, w + 15);
  Serial.println(w[7], 2);
  delay(60000);
}
```

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. நூலகத்தோடு வரும் எடுத்துக்காட்டில் setup() உள்ளே scale.tare() என்று ஒரு வரி இருக்கும், அதை இங்கே போடவே கூடாது. அந்த வரி பலகை எழும் நேரத்தில் மேடையில் என்ன இருக்கிறதோ அதைச் சுழி என்று எடுத்துக்கொள்ளும். மதியம் ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் போதும், முழு சிலிண்டரும் நின்றுகொண்டிருக்க திரையில் 0.00 கிலோ என்று வரும். அதனால் சுழி நிரலில் எழுதிய எண்ணாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, பதினைந்து அளவு எடுத்து வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்கிறேன், சராசரி எடுக்கவில்லை. ESP8266 வைஃபை வேலையில் இறங்கும் நேரத்தில் SCK சைகை தாமதமாகி எப்போதாவது ஒரு அளவு பைத்தியக்காரத்தனமாக வரும், சராசரி எடுத்தால் அந்த ஒன்று மற்ற பதினான்கையும் கெடுத்துவிடும், நடு எண்ணை அது தொடாது.

எண்ணை போனுக்கு அனுப்புவதோ சின்னத் திரையில் காட்டுவதோ உங்கள் விருப்பம், அதற்கு வழிகள் ஏராளம், இங்கே போகவில்லை.

சிலிண்டரை ஏற்றுவது

சிலிண்டரின் தலை வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றில் காலி எடை எழுதியிருக்கும், 15.6 கிலோ என்கிற மாதிரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இது மாறும், போன சிலிண்டரின் எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது அரை கிலோ, ஒரு கிலோ கூடப் பிசகும். பக்கத்தில் A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், அது அடுத்த சோதனைக் கெடு, எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரெகுலேட்டர் மாட்டும் முன் ஓர் எடை, மாட்டிய பின் ஓர் எடை, இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். காலி எடையில் ரெகுலேட்டர் சேராது. அதோடு ரப்பர் டியூப் மேலேயிருந்து தொங்குகிறது, அதன் பாரத்தில் ஒரு பங்கு சிலிண்டர் மேல் விழும், விறைப்பாக இருந்தால் மேலே இழுக்கவும் செய்யும். அதைத் தனியாகக் கணக்கிட முடியாது, வித்தியாசத்தில்தான் பிடிக்க முடியும். மேடை ஐந்து செ.மீ. உயர்த்திவிட்டதால் டியூப் வழக்கத்தைவிட வேறு மாதிரி வளையும், மடிந்து நசுங்காமல், இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது டியூபை நகர்த்தினால் எடை நூறு கிராம் மாறிவிடும், இது நடக்கும், நடந்ததும் தெரியும்.

என் முதல் சிலிண்டர்: எழுதியிருந்த காலி எடை 15.6, ரெகுலேட்டர் இல்லாமல் மேடை காட்டியது 29.71. இருக்க வேண்டியது 15.6 உடன் 14.2 சேர்ந்து 29.80, அதனால் 90 கிராம் குறைவு. இது நிரப்பியதிலா, என் மேடையிலா என்று சொல்ல முடியாது, பரவாயில்லை. ரெகுலேட்டரும் டியூபும் மாட்டியதும் 30.06. ஆக அவற்றின் பாரம் 0.35. இனி எந்த நாளிலும், காட்டும் எடையிலிருந்து 15.95 கழித்தால் மிச்ச கேஸ். முதல் நாள் 14.11.

ஒன்றரை மாதம்

இரண்டு நாளிலேயே ஒன்று புரிந்தது. காலை ஆறு மணிக்குக் காட்டும் எடையும் மதியம் மூன்று மணிக்குக் காட்டும் எடையும் ஒத்துப்போகவில்லை, மதியம் அடுப்பே எரியாதபோது எடை கூடியிருந்தது. கேஸ் தானாக ஊறாது. அடுக்களை சூடானதும் செல்லின் உலோகமும் ஒயரும் HX711 பலகையும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகின்றன, என் மேடையில் அது 150 கிராம் வரை போனது. வெப்பமானி வைத்துத் திருத்தலாம்தான், நான் சோம்பேறித்தனமான வழியை எடுத்தேன்: விடிகாலை 5 மணிக்கு ஒரே ஒரு தடவை எடுக்கும் அளவை மட்டும் வைத்துக்கொள்வது, மற்ற நேரத்து எண்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவெல்லாம் அடுப்பு எரியவில்லை, அடுக்களை சீராகக் குளிர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஓர் எண் போதும், நமக்கு வேண்டியது நாள் கணக்குதானே.

இரண்டாவது தொல்லை கொஞ்சம் கள்ளத்தனமானது. உலோகத்தை வளைத்து அப்படியே வைத்திருந்தால் அது நாள் ஆக ஆக இன்னும் இம்மியளவு வளைந்துகொடுக்கும், செல்லுக்குள் இருக்கும் பசையும் அதே மாதிரி மெல்ல நெகிழும். எடை மாறாதிருக்க எண் மட்டும் மெதுவாக ஏறும். குளியலறை மிஷினில் நாம் ஏறி இறங்க பத்து விநாடி, அதனால் அங்கே இது யாருக்கும் தெரிவதில்லை. நம் மேடை ஒன்றரை மாதம் சுமக்கிறது. இதன் விளைவு எப்போதும் நமக்கு எதிராகத்தான், உண்மையில் இருப்பதைவிடக் கேஸ் அதிகம் இருப்பதாகக் காட்டும்.

இது உங்கள் மேடையில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, சிலிண்டர் ஏற்றும் முன் அந்த அரிசி மூட்டையை ஒரு வாரம் மேடையிலேயே விட்டு தினமும் விடிகாலை எண்ணை எழுதுங்கள். என்னிடம் முதல் இரண்டு நாளில் வேகமாக ஏறி, அப்புறம் ஏறுவது மெதுவானது. ஒரு வாரத்தில் அரை கிலோவுக்கு மேல் போனால் ஒரு செல் கெட்டது, மூலை மூலையாகத் தேடி மாற்றுங்கள். நிற்காமல் ஒரே சீராக ஏறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஈரம், இணைப்புகளில் ஹீட் ஷ்ரிங்க் சரியாக மூடவில்லை என்று பொருள்.

முதல் சிலிண்டரில் 31ஆம் நாள் விடிகாலை 20.34 கிலோ. 15.95 கழித்தால் 4.39 கிலோ மிச்சம். எத்தனை நாள் வரும் என்பதற்கு மொத்த சராசரியை எடுக்காமல் கடைசி ஏழு நாள் செலவை எடுத்தேன், ஏனென்றால் விருந்தாளி வந்த வாரமும் ஊருக்குப் போன வாரமும் ஒன்றல்ல. ஏழு நாளில் நாளுக்கு 0.33 கிலோ, ஆக 13 நாள். எச்சரிக்கை 2.5 கிலோவில் வைத்திருந்தேன், அது ஏழு நாள் போல வரும், பதிவு செய்து சிலிண்டர் வர அது போதும். உங்கள் ஊரில் சிலிண்டர் வர எத்தனை நாள் ஆகிறதோ அதோடு இரண்டு நாள் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

44ஆம் நாள் சாம்பார் கொதிக்கும்போது அணைந்தது. அடுத்த சிலிண்டர் தயாராக இருந்ததால் யாரும் திட்டவில்லை, நான் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தேன். காலி என்றால் 15.95 காட்ட வேண்டும், காட்டியது 16.16. 210 கிராம் அதிகம். சிலிண்டரை இறக்கியதும் காலி மேடை 0.00 காட்டுவதற்குப் பதில் 0.18 காட்டியது. அதாவது பிழையில் பெரும்பகுதி சுழி நகர்ந்ததுதான். மிச்சமுள்ள 30 கிராம் டியூபோ, அடியில் மிஞ்சியதோ, எதுவோ. மொத்தத்தில் முக்கால் நாளுக்கும் குறைவான பிழை.

இங்கேதான் அடுத்த சிலிண்டருக்கான வேலை இருக்கிறது. மாற்றும் நேரத்தில் மேடை ஓரிரு நிமிடம் காலியாக இருக்கும், அந்த நேரத்தில் வரும் வெறும் எண்ணைப் புதிய ZERO ஆக எழுதிக்கொள்ள வேண்டும். பழைய சிலிண்டரை இறக்கிவிட்டு மேடையை இரவெல்லாம் காலியாக விட்டு மறுநாள் சுழி எடுப்பது நல்லது என்று தோன்றும், அது தவறு. காலியாக விட்டால் வளைந்த உலோகம் மெல்லத் திரும்பி வந்துவிடும், புதிய சிலிண்டரை ஏற்றியதும் மறுபடி முதலிலிருந்து நெகிழத் தொடங்கும். உடனே மாற்றினால் அது நெகிழ்ந்த நிலையிலேயே தொடர்கிறது, நாம் எடுத்த சுழியும் அந்த நிலையிலேயே எடுத்தது. என் இரண்டாவது சிலிண்டர் தீர்ந்தபோது பிழை 60 கிராம்தான் இருந்தது.

ஒவ்வொரு தடவையும் கணினியை எடுத்து நிரலில் எண்ணை மாற்றச் சலிப்பாக இருந்தால், ஒரு பட்டனை அழுத்தினால் ZERO பலகையின் நினைவகத்தில் எழுதப்படும்படி செய்யலாம். ஆனால் மேடையில் 2 கிலோவுக்கு மேல் எதாவது இருந்தால் பட்டன் வேலை செய்யக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை லைட் சுவிட்ச் என்று நினைத்து ஒருவர் அழுத்திவிட்டார், முழு சிலிண்டர் மேலே இருக்கும்போது.